‘கீ’ என்றால் சாவியா? கோவை பட்டறைக்கு பம்பு டிராயிங் தமிழில் போகும்போது எங்கே சறுக்குகிறது?

கீ, புஷ், நட், டாலரன்ஸ். ஒரு சாதாரண பம்பு டிராயிங்கில் இந்த நாலு வார்த்தையும் இருக்கும். அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து எழுதினால் பட்டறைக்கு வந்து சேர்வது இதுதான்: சாவி, புதர், கொட்டை, சகிப்புத்தன்மை. லேத்தில் நிற்பவர் சிரித்துவிட்டுப் பழைய ஆங்கிலத் தாளையே தேடுவார்.

சிரிப்பு வருகிற தப்பால் பெரிய நஷ்டம் இல்லை, யாராவது உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பார்க்கச் சரியாகத் தெரிகிற தப்புதான் பணத்தைத் தின்னும். தமிழும் சுத்தமாக இருக்கும், வாக்கியமும் புரியும். ஆனால் அதைப் படித்துச் செய்த ஷாஃப்ட் ஐம்பதும் ஸ்கிராப்பில் கிடக்கும். அந்த மாதிரித் தப்புகள் எங்கே பிறக்கின்றன, எப்படிப் பிடிப்பது?

ஆபீஸில் ஆங்கிலம், ஃப்ளோரில் தமிழ்

கோவையில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைத் தயாரித்தது 1937-இல். பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் என்று பட்டறைகள் பெருகிய இந்த ஊரில் இன்று வரை ஒரு வழக்கம் மாறவில்லை. டிராயிங் ஆங்கிலத்தில் வரும், அதைப் பற்றிய பேச்சு தமிழில் நடக்கும். நடுவில் ஒரு சூப்பர்வைசர் நின்று வாயாலேயே மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார். அவர் லீவு போட்ட அன்று வேலை தடுமாறும்.

தமிழில் எழுதிக் கொடுத்தால் படிக்க ஆள் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம், அதாவது ‘நிமி’, ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான ஃபிட்டர், டர்னர் பாடப் புத்தகங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் மெக்கானிக்கல், சிவில் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்தோடு தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 108-ஆம் பிரிவில் சொன்னது. அது அறிவிப்புகளுக்கான விதி. டிராயிங்கைத் தமிழில் கொடு என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் அந்த வேலை அவரவர் பட்டறையின் விருப்பமாகவே இருந்துவருகிறது.

ஒரு மோனோபிளாக் பம்பு, எட்டு வரிப் பட்டியல்

கோவைக்காரர்களுக்குப் பழக்கமான மோனோபிளாக் பம்பையே எடுத்துக்கொள்வோம். மோட்டாரின் ஷாஃப்ட் வெளியே நீண்டு வரும். அதன் முனையில் இம்பெல்லர் நேரடியாக உட்கார்ந்திருக்கும். நடுவில் தனி கப்ளிங் கிடையாது. இந்தப் பம்புக்கு டிசைன் ஆபீஸிலிருந்து இரண்டு தாள்கள் வரும். ஒன்று, பம்பை நடுவில் வெட்டிப் பார்த்தது போன்ற அசெம்பிளி படம். அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் வட்டத்துக்குள் ஒரு எண் இருக்கும். இன்னொன்று, அந்த எண்களுக்கான பாகப் பட்டியல். இதைத்தான் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ், சுருக்கமாக BOM என்கிறார்கள். ஸ்டோரில் பொருள் எடுப்பது, ஃபவுண்டரிக்கு ஆர்டர் போடுவது, அசெம்பிளி செய்வது எல்லாம் இந்தப் பட்டியலை வைத்துத்தான்.

முழுப் பட்டியல் நீளமாக இருக்கும். அதில் எட்டு வரியை மட்டும் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

```
01 | பம்பு கேசிங்        | FG 200 | காஸ்டிங்      | 1
02 | இம்பெல்லர்          | FG 200 | காஸ்டிங்      | 1
03 | ஷாஃப்ட்             | EN8    | தனி டிராயிங்  | 1
04 | ஷாஃப்ட் கீ          | EN8    | 6 × 6 × 25   | 1
05 | பேரிங்              | -      | 6305         | 2
06 | கேசிங் பேக்கிங் தாள்  | -      | தனி டிராயிங்  | 1
07 | கிளாண்ட் கயிறு       | -      | 6 மி.மீ. சதுரம் | 3 சுற்று
08 | ஆறுபட்டை போல்ட்     | -      | M10 × 30     | 8
```

இதில் ‘தூய தமிழ்’ அதிகம் இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். பேரிங்குக்குத் தாங்கி, ஷாஃப்டுக்குத் தண்டு என்று நல்ல சொற்கள் இருக்கின்றனவே? இருக்கின்றன, பாடம் படிக்கும்போது அவை உதவவும் செய்யும். ஆனால் ஸ்டோரில் போய் ‘தாங்கி ரெண்டு குடுங்க’ என்று கேட்டால், கொடுப்பவர் பேரிங்கை எடுப்பாரா, அதைத் தாங்குகிற பிராக்கெட்டை எடுப்பாரா? பட்டியலில் இருக்கும் பெயர் ஒரு பாகத்தை மட்டும்தான் சுட்ட வேண்டும். அந்த வேலையைப் பேரிங் என்ற சொல் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. பாகங்களின் பெயரை ஃப்ளோரில் புழங்குகிற சொல்லிலேயே விட்டுவிட்டு, செய்முறைக் குறிப்புகளை முழுத் தமிழில் எழுதுவதுதான் உருப்படியான வழி.

ஃப்ளோர் சொல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆறாவது, ஏழாவது வரியைப் பாருங்கள். கேசிங்குக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் வைக்கிற தாள் மாதிரியான கேஸ்கெட்டையும் பேக்கிங் என்பார்கள். ஷாஃப்டைச் சுற்றி கிளாண்டுக்குள் திணிக்கிற சதுரக் கயிற்றையும் பேக்கிங் என்பார்கள். ஆங்கிலப் பட்டியலில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர். தமிழில் எழுதும்போது இரண்டிலும் ‘பேக்கிங்’ என்று மட்டும் போட்டால், ஸ்டோர்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “ஏனுங்க, எந்தப் பேக்கிங்ங்க? தாளா, கயிறா?”

இந்தக் குழப்பம் ஸ்டோரோடு முடிவதில்லை. தாள் பேக்கிங் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரக்கூடாது. கிளாண்ட் கயிறோ நேர் எதிர், ஓடும்போது மெல்லச் சொட்ட வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கயிற்றையும் ஷாஃப்டையும் சூடாகாமல் வைத்திருக்கிறது. ‘பேக்கிங்கில் கசிவு கூடாது’ என்று பொதுவாக ஒரு குறிப்பு எழுதினால், நல்ல வேலைக்காரர் ஒருவர் கிளாண்டை இறுக்கி இறுக்கிச் சொட்டையே நிறுத்திவிடுவார். கயிறு கருகி, ஷாஃப்டில் பள்ளம் விழும். அதனால்தான் மேலே ‘தாள்’, ‘கயிறு’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்திருக்கின்றன.

‘அளவு’ என்ற பொல்லாத சொல்

பட்டியலின் தலைப்பு வரியை யாரும் கவனமாக மொழிபெயர்ப்பதில்லை. அங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. ‘அளவு’ என்றால் சைஸ். ‘அளவு’ என்றால் எவ்வளவு வேண்டும் என்பதும்தான். QTY என்ற பத்திக்குத் தலைப்பாக ‘அளவு’ என்று எழுதி, அதற்குக் கீழே போல்ட் வரியில் 8 என்று இருந்தால் என்ன ஆகும்? அவசரத்தில் பார்ப்பவர் M8 போல்டை எடுத்து வைத்துவிடலாம். ஐம்பது பம்புக்கு 400 போல்ட். M10 மரை வெட்டிய துளையில் M8 போல்ட் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடும். உடனே தெரிந்துவிடும் என்பதுதான் ஒரே ஆறுதல். அதற்குள் அரை நாள் போயிருக்கும்.

தீர்வு எளிது. ஒரு பத்திக்கு ‘எண்ணிக்கை’, இன்னொன்றுக்கு ‘சைஸ்’. ‘அளவு’ என்ற சொல்லைப் பட்டியல் தலைப்பில் எங்கேயும் வைக்காமல் இருந்தால் போதும். இதே காரணத்துக்காக மெட்டீரியல் பத்திக்குப் ‘பொருள்’ என்று தலைப்பு போடுவதும் வேண்டாம். அது பாகத்தையும் குறிக்கும், பாகம் எதனால் ஆனது என்பதையும் குறிக்கும்.

எண்ணிக்கை என்றால் ஒரு பம்புக்கா, மொத்த லாட்டுக்கா என்ற கேள்வியும் உண்டு. ‘ஒரு பம்புக்கு’ என்று தலைப்பிலேயே சேர்த்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. பழைய டிராயிங்குகளில் ‘4 OFF’ என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். எதையும் அணைக்கச் சொல்லவில்லை, நாலு எண்ணம் என்றுதான் அர்த்தம்.

‘நூல்’ இன்னொரு கண்ணி. போல்டில் வெட்டியிருக்கும் திரெட்டை அகராதி பார்த்து ‘நூல்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. பட்டறையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3.2 மி.மீ. ‘நூல் சரிபார்க்கவும்’ என்று எழுதினால் எதை எடுத்து அளப்பது? திரெட்டுக்குத் தமிழில் மரை என்ற பழைய சொல் இருக்கிறது. பேச்சில் மறை என்றும் வரும். ‘அவனுக்கு மறை கழண்டுபோச்சு’ என்று ஊரே சொல்கிறது, எல்லோருக்கும் புரியும்.

பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

இனி பட்டியலை விட்டு ஷாஃப்ட் டிராயிங்குக்குப் போவோம். 6305 பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. அது உட்காரும் இடத்தில் டிராயிங் Ø25 k6 என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த k6 என்பது ஒரு குறி. ஷாஃப்ட் சரியாக 25 ஆக இருக்க வேண்டாம், 25.002-லிருந்து 25.015 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். ஷாஃப்ட் ஒரு முடி அளவுக்கும் குறைவாகப் பெரிதாக இருக்கும். பேரிங் அதில் லேசாக இறுகி உட்காரும்.

இதைத் தமிழ் எழுத்தில் ‘கே6’ என்று எழுதலாமா? எழுதவே கூடாது. காரணம், தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. ஃபிட் குறிகளில் அந்தப் பிரிவுதான் எல்லாம். சின்ன எழுத்து ஷாஃப்டுக்கு, பெரிய எழுத்து துளைக்கு. Ø25 h7 என்றால் 24.979-லிருந்து 25.000 வரை. Ø25 H7 என்றால் 25.000-லிருந்து 25.021 வரை. இரண்டையும் ‘எச்7’ என்று எழுதிவிட்டால், 25-க்குக் கீழே போக வேண்டுமா, மேலே போக வேண்டுமா என்பதே தாளிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஷாஃப்ட் k6-க்குப் பதில் கொஞ்சம் சின்னதாகப் போனால் அசெம்பிளியில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பேரிங் சுலபமாக ஏறும், சந்தோஷமாகக்கூட இருக்கும். பம்பு தோட்டத்துக்குப் போய்ச் சில மாதம் ஓடிய பிறகுதான் வேலையைக் காட்டும். பேரிங்கின் உள் வளையம் ஷாஃப்ட் மேலேயே மெல்ல மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். அந்த இடம் தேயும், சூடாகும், சத்தம் வரும். கழற்றிப் பார்த்தால் பேரிங் உட்கார்ந்திருந்த இடம் பளபளவென்று தேய்ந்தோ, துருப் பொடி மாதிரிச் செம்பழுப்பாகவோ இருக்கும். அப்போது ‘பேரிங் மட்டம்’ என்று பழி பேரிங் மேல் விழும்.

ஆகவே k6 என்ற குறியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் தமிழில் இப்படி எழுதுவது நல்லது: ‘25.002-க்குக் குறையக்கூடாது, 25.015-ஐத் தாண்டக்கூடாது.’ டாலரன்ஸுக்கு எந்தத் தமிழ்ச் சொல் சரி என்ற சண்டைக்கே இடமில்லாமல் போகிறது. இதில் ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். பல பட்டறைகளில் கையில் இருக்கும் மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. வரைதான் காட்டும். 25.002-ஐ அதில் பார்க்க முடியாது. மொழிபெயர்ப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மைக்ரான் காட்டும் கருவி இல்லாத மேசையில் அந்த எண்ணுக்கு வேலை இல்லை.

மொத்தத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். எண், குறி, கிரேடு, ஸ்டாண்டர்டு பெயர் ஆகியவற்றைத் தொடக்கூடாது. M10, FG 200, 6305, Ø, k6 எல்லாம் எந்த மொழியிலும் அப்படியே. சொற்களும் வாக்கியங்களும்தான் மாறும்.

LH: இடது கையா, இடது மரையா?

சுருக்கெழுத்துகளில் பெரும்பாலானவை சிக்கலில்லாதவை. REF என்றால் தகவலுக்காக மட்டும், அதை வைத்து செக்கிங் செய்ய வேண்டாம். TYP என்றால் இதே மாதிரி உள்ள மற்ற இடங்களுக்கும் இதுவே. ஒரு முறை சரியாக எழுதிவிட்டால் எல்லா டிராயிங்குக்கும் அதையே ஒட்டிக்கொள்ளலாம்.

LH மட்டும் அப்படி இல்லை. மரை வெட்டும் இடத்தில் M16 LH என்று இருந்தால் அது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால் இறுகும் மரை. பாகத்தின் பெயரோடு பிராக்கெட் LH என்று இருந்தால் அது இடப்பக்கத்துக்கான பிராக்கெட். வலப்பக்கத்ததைக் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். ஒரே இரண்டு எழுத்து, இரண்டு அர்த்தம். மொழிபெயர்ப்பவர் டிராயிங்கைத் திறந்து பார்க்காமல், எக்செல் ஷீட்டில் வார்த்தைகளை மட்டும் வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் இங்கே மாட்டிக்கொள்வார்.

மரை எந்தப் பக்கம் என்பது ஏன் முக்கியம்? இம்பெல்லரைப் பிடித்து வைத்திருக்கும் நட்டை யோசித்துப் பாருங்கள். ஸ்விட்ச் போட்ட உடனே ஷாஃப்ட் சட்டென்று சுற்ற ஆரம்பிக்கிறது. நட்டும் இம்பெல்லரும் தம் எடையாலும் தண்ணீரின் தடையாலும் ஒரு கணம் பின்தங்கப் பார்க்கின்றன. நட் இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஷாஃப்ட் கடிகார முள் திசையில் சுற்றினால், அந்தப் பின்தங்கல் வலது மரை நட்டைக் கழற்றும், இடது மரை நட்டை இறுக்கும். எதிர்த் திசையில் சுற்றும் டிசைனில் வலது மரையே சரி. சைக்கிளில் இடது பெடல் மட்டும் எதிர் மரையில் இருப்பதும் சுற்றும்போது தானாகக் கழன்றுவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

LH என்ற இரண்டு எழுத்தைத் தமிழ்க் குறிப்பில் விட்டுவிட்டால் லேத்காரர் பழக்கத்தில் வலது மரையே போடுவார். நட்டும் அதற்கு ஏற்றபடி வந்துவிட்டால் இரண்டும் அழகாகப் பொருந்தும், அசெம்பிளியில் தெரியாது. டெஸ்டில் சில தடவை போட்டு நிறுத்தும்போது நட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். இம்பெல்லர் முன்னால் நகர்ந்து கேசிங்கில் உரசும், கரகரவென்று சத்தம் வரும். த்ரீ பேஸ் இணைப்பில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துப் பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் இதே கதைதான். எனவே மரைக் குறிப்பையும், பாடியில் போடும் சுற்றுத் திசை அம்புக்குறியையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் மொழிபெயர்ப்பை ஓகே செய்ய வேண்டும். தமிழில் ‘இடது மரை’ என்பதோடு ‘எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும்’ என்று சேர்த்து எழுதினால் சந்தேகமே வராது.

வினைச்சொல் கடைசியில் வருவதால் வரும் வசதியும் வம்பும்

செய்முறைக் குறிப்புகளில் தமிழ் ஒரு வசதி தருகிறது. ‘போல்டை முறுக்கு, பேக்கிங் தாள் வைத்த பிறகு’ என்ற வரிசையில் ஆங்கிலக் குறிப்பு இருக்கும். தமிழில் இயல்பாக எழுதினாலே ‘பேக்கிங் தாள் வைத்த பிறகு போல்டை முறுக்கவும்’ என்று வேலை நடக்கும் வரிசையிலேயே வந்துவிடுகிறது. வார்த்தைக்கு வார்த்தை மாற்றாமல் வேலையை மனசில் ஓட்டிப் பார்த்து எழுதினால் போதும். ‘பிரேக் ஷார்ப் எட்ஜஸ்’ என்ற குறிப்பை ‘கூர்மையான ஓரங்களை உடைக்கவும்’ என்று எழுதினால் யாரோ ஒருவர் சுத்தியலைத் தேடுவார். செய்ய வேண்டியதோ, ‘பிசிறு எடுத்து ஓரத்தை 0.5 மி.மீ. மழுக்கவும்’ என்பதுதான்.

வம்பு எதிர்மறையில் இருக்கிறது. ‘டெஸ்டிங் முடியும் முன் கிளாண்ட் நட்டை முழுவதும் இறுக்கக்கூடாது.’ இந்த வாக்கியத்தின் உயிர் கடைசி மூன்று எழுத்துகளில் தொங்குகிறது. கட்டம் குறுகலாக இருந்து வரி வெட்டுப்பட்டாலோ, அந்த இடத்தில் எண்ணெய்க் கறை பட்டாலோ ‘முழுவதும் இறுக்க’ வரைதான் கண்ணில் படும். அர்த்தம் தலைகீழ். ஆங்கிலத்தில் ‘டூ நாட்’ முன்னாலேயே வந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. அதனால் தடை சொல்லும் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது ‘கூடாது:’ என்று தடித்த எழுத்தில் முதலில் போட்டு, பிறகு எது கூடாது என்று எழுதலாம். இலக்கணப்படி கொஞ்சம் இடிக்கும். பட்டறைச் சுவரில் அது ஒரு குறையில்லை.

கம்ப்யூட்டர் செய்கிற குறும்பு

வார்த்தை எல்லாம் சரியாக அமைந்த பிறகு ஃபாண்ட் கெடுக்கும். ஆட்டோகேடில் வழக்கமாகப் பயன்படும் SHX ஃபாண்டுகளில் தமிழ் எழுத்துகளே இல்லை. தமிழைத் தட்டினால் ???? என்று வரும். STYLE கட்டளையில் போய், தமிழ் யூனிகோடு உள்ள விண்டோஸ் ஃபாண்டாக, உதாரணத்துக்கு Nirmala UI என்று மாற்ற வேண்டும். பாமினி மாதிரிப் பழைய ஃபாண்டில் அடித்த கோப்பு இன்னும் மோசம். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ‘தமிழ்’ என்ற சொல் jkpo; என்று தெரியும். ஜாப் ஒர்க் கொடுக்கும் இடத்துக்கு அந்தக் கோப்பை அனுப்பினால் போன் வரும்.

பாகப் பட்டியலை CSV கோப்பாகச் சேமித்து எக்செலில் திறந்தால் ‘ப’ என்ற எழுத்து à®ª என்று மாறியிருக்கலாம். கோப்பு கெடவில்லை. அது UTF-8 என்று எக்செலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சேமிக்கும்போதே CSV UTF-8 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் கோப்பின் தலையில் ஒரு சிறு அடையாளம் சேரும். வேடிக்கை என்னவென்றால் அந்த அடையாளத்தின் பெயரும் BOM தான்.

எழுத்தின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து 2.5 மி.மீ. உயரத்தில் நன்றாகத் தெரியும். ‘ணி’, ‘ளு’, ‘கூ’ எல்லாம் அந்த உயரத்தில் ஒரு புள்ளிக் கூட்டமாகிவிடும். குறைந்தது 3.5 வேண்டும். A2 டிராயிங்கை A4-இல் பிரின்ட் எடுக்கும் பழக்கம் உள்ள இடத்தில் அதுவும் பாதியாகச் சுருங்கி 1.75 ஆகிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு பேர் படித்துப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவர்களுக்கு ஆங்கிலமும் தெரியும், பம்பும் தெரியும். தமிழ் தப்பாக இருந்தாலும் மூளை தானாகத் திருத்திக்கொண்டு படிக்கும். மொழிபெயர்ப்பில் சம்பந்தப்படாத ஒரு ஃபிட்டரிடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுத்து, “அண்ணா, ஏழாம் நம்பரை ரேக்கிலிருந்து எடுத்துக் காட்டுங்க” என்று கேட்க வேண்டும். அவர் கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்பதுதான் பரீட்சை. ஷாஃப்ட் குறிப்புக்கும் இதே மாதிரி, ‘எந்த அளவு வந்தா ரிஜெக்ட் பண்ணுவீங்க?’ என்று கேட்டால் அவர் சொல்லும் எண்ணிலிருந்து எல்லாம் தெரிந்துவிடும். தயங்கிய இடத்தில் அவர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதைக் குறித்துக்கொண்டு, அந்தப் பட்டறையின் எல்லா டிராயிங்கிலும் அதையே வைக்க வேண்டும். ஒரு தாளில் ‘கேசிங்’, இன்னொன்றில் ‘பாடி’ என்று இருந்தால், சிலர் பாடி என்று மோட்டார் பாடியை எடுப்பார்கள்.

கோவை பட்டறைகளில் இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஊர்களிலிருந்து வந்தவர்களும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்த் தாள் ஆங்கிலத் தாளைவிட அதிகமாக எதையும் சொல்லாது. அங்கே கை கொடுப்பது பாக எண்ணும் படமும்தான். ரேக்கிலும் அதே எண், படத்தின் வட்டத்திலும் அதே எண், பட்டியலிலும் அதே எண் இருந்தால் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் சமாளிக்கலாம். இந்தி வேண்டுமென்றால் இன்னொரு பத்தி சேர்க்கலாம், எண் மாறாது.

கடைசியாக, திருத்தம். டிசைன் ஆபீஸ் கிளாண்ட் கயிற்றை 6 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ.யாக மாற்றி, ஆங்கில டிராயிங்கில் A என்ற திருத்த எழுத்தை B என்று மாற்றுகிறது. லேத் பக்கத்துச் சுவரில் லாமினேட் செய்து ஒட்டிய தமிழ்த் தாள் A-யிலேயே நிற்கிறது. சுத்தமாக, பளிச்சென்று, தப்பாக. தமிழை ஒரு தனித் தாளாக வைக்காமல், அதே டிராயிங் கோப்புக்குள் தனி லேயராக வைத்தால் எண்கள் ஒரே இடத்தில் இருக்கும், திருத்தினால் இரண்டு மொழிக்கும் சேர்த்தே மாறும். தனித் தாள்தான் வசதி என்றால் அதன் மூலையிலும் அதே திருத்த எழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். ஸ்டோரில் பொருள் கொடுப்பவர் முதலில் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பட்டியலைப் படிக்க வேண்டும்.